விடியற்காலையில் அறை, அதுவும் சத்தமில்லாத அறை

சென்னை எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் மதுரையில் விடியற்காலை ஐந்து மணியை ஒட்டி இறங்கிவிடலாம். மீனாட்சியம்மன் கோயில் நடையும் கிட்டத்தட்ட அந்த நேரத்துக்குத்தான் திறக்கிறது. ஆனால் ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவில், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலும் டவுன்ஹால் ரோட்டிலும் வரிசையாக இருக்கும் ஓட்டல்களில் பல பகல் 12 மணிக்குத்தான் அறை தருகின்றன. குளிக்காமல் சாமி கும்பிடப் போக மனம் வராது. ராத்திரி முழுக்க ரயிலில் ஆடிக்கொண்டு வந்த வயதானவர்களை ஏழு மணி நேரம் ரிசப்ஷன் சோபாவில் உட்கார வைக்கவும் முடியாது.

சீக்கிரம் அறை கொடுங்கள் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஓட்டல்காரர்கள் தினமும் கேட்கிற கோரிக்கைதான் அது. ஆனால் பெரும்பாலோர் கேட்கிற விதத்தில் அவர்களால் உதவ முடிவதில்லை. தேதியைக் குழப்பிச் சொல்லுவார்கள், நேரத்தைச் சொல்லமாட்டார்கள், 'நல்ல ரூமா குடுங்க' என்பார்கள். எப்படிக் கேட்பது என்பதை ஒரே ஒரு குடும்பத்தின் பயணத்தை வைத்துப் பார்ப்போம்.

கணவன், மனைவி, கணவனின் அம்மா. அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி, தூக்கம் லேசானது. ஜூலை 10 வெள்ளி இரவு எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் (12637) ஏறுகிறார்கள். ஜூலை 11 சனி விடியற்காலை மதுரை. ஜூலை 13 திங்கள் காலை வைகை எக்ஸ்பிரஸில் (12636) திரும்புகிறார்கள். தேவை ஒரு டபுள் ரூமும் ஒரு எக்ஸ்ட்ரா பெட்டும்.

உங்கள் ஓட்டலின் கணக்கு எது?

தமிழ்நாட்டில் இரண்டு கணக்கு நடக்கிறது. ஒன்று, 12 மணிக்கு 12 மணி. நீங்கள் எப்போது வந்தாலும் நாள் என்பது பகல் 12-இல் தொடங்கி மறுநாள் பகல் 12-இல் முடியும். சில ஓட்டல்களில் செக்-இன் 12, செக்-அவுட் 11 என்று இருக்கும், பெரிய ஓட்டல்களில் செக்-இன் 2 மணி. இன்னொன்று, 24 மணி நேரக் கணக்கு. கோயில் ஊர்களிலும் பேருந்து நிலையப் பக்கங்களிலும் இருக்கும் பல லாட்ஜுகளில் இன்னும் இதுதான். காலை 5.30-க்கு அறையெடுத்தால் மறுநாள் காலை 5.30 வரை உங்களுடையது.

நம் குடும்பத்துக்கு 24 மணி நேரக் கணக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்துகிறது. சனி காலை 5.30-க்கு நுழைந்து, திங்கள் காலை ரயிலுக்காக 6 மணிக்குக் கிளம்பினால் நாற்பத்தெட்டரை மணி நேரம். மிஞ்சுகிற அந்த அரை மணிக்கு இன்னொரு நாள் வாடகை போடுவார்களா, சலுகை நேரம் உண்டா என்று முன்பே கேட்டுவைக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு மணி நேரம் வரை கண்டுகொள்ளமாட்டார்கள். ஆனால் ரிசப்ஷனில் இருப்பவர் ஆளுக்கு ஒரு மாதிரி என்பதால், கேட்டு வாங்கிய பதில் கையில் இருப்பது நல்லது.

24 மணி நேர லாட்ஜ் என்றாலே விடியற்காலையில் அறை தயாராக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. முந்தின நாள் காலை 9 மணிக்கு அறையெடுத்தவருக்கு இன்றைக்குக் காலை 9 மணி வரை உரிமை இருக்கிறது. வருகை நேரத்தை அங்கேயும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை அறைக்கு வெள்ளிக்கிழமையைப் பாருங்கள்

சனி விடியற்காலை 5.30-க்கு உங்களுக்கு அறை கிடைக்குமா என்பதை முடிவு செய்வது சனிக்கிழமைக் கூட்டம் அல்ல, வெள்ளி இரவு எத்தனை அறைகள் காலியாகக் கிடந்தன என்பதுதான். வெள்ளி இரவு ஓட்டல் நிரம்பியிருந்தால், ரிசப்ஷனில் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தூங்குகிற விருந்தாளியை எழுப்பி உங்களுக்கு அறை தர முடியாது. அவர் காலி செய்த பிறகு ஹவுஸ்கீப்பிங் ஆள் வந்து விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்க்க எப்படியும் அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். விடியற்காலையில் அந்த ஆட்கள் வேலைக்கே வந்திருக்கமாட்டார்கள். ஆக, விடியற்காலை செக்-இன் என்பது முந்தின நாளே சுத்தம் செய்யப்பட்டு, இரவு விற்காமல் நின்ற அறை ஒன்று இருந்தால்தான் நடக்கும்.

கோயில் ஊர்களில் வெள்ளி, சனி இரவுகள் நிரம்பும், ஞாயிறு இரவு காலியாகும். எனவே திங்கள் விடியற்காலை வந்து இறங்குகிறவருக்குக் காசில்லாமலே அறை திறந்துவிடுவார்கள். கோவை மாதிரித் தொழில் ஊர்களில் வியாபாரிகளும் கம்பெனிக்காரர்களும் தங்குகிற ஓட்டல்களில் இது தலைகீழ்: வார நாள் இரவுகள் நிரம்பும், ஞாயிறு விடியற்காலை போனால் அறை சும்மா இருக்கும். பயண நாளை மாற்ற முடிகிறவர்களுக்கு, கெஞ்சுவதைவிட நாளை மாற்றுவது எளிது.

மூன்று வழி, மூன்று தொகை

வாடகை நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். இரண்டு நாளுக்கு 6,000, வரியோடு 6,300 ரூபாய். ஓட்டல் மனமுவந்து சீக்கிரம் அறை தந்தாலும், 24 மணி நேர லாட்ஜில் தங்கினாலும் இவ்வளவுதான்.

இரண்டாவது வழி, அரை நாள் வாடகை. 12 மணிக் கணக்குள்ள பல ஓட்டல்கள் விடியற்காலை வருகைக்குப் பாதி வாடகை கேட்கும். 1,500 சேர்ந்து 7,500, வரியோடு 7,875 ரூபாய். காலை 8, 9 மணிக்கு மேல் வந்தால் சில இடங்களில் அதையும் கேட்கமாட்டார்கள். எத்தனை மணிக்கு மேல் வந்தால் கட்டணம் கிடையாது என்று கேட்டுப் பாருங்கள். சில ஊர்களில் ரயில் நிலையத்திலேயே காபி குடித்து ஒரு மணி நேரத்தைக் கழித்தால் அந்தப் பணம் மிச்சம்.

மூன்றாவது, வெள்ளி இரவையும் சேர்த்து மூன்று இரவாகப் பதிவு செய்துவிடுவது. 9,000, வரியோடு 9,450 ரூபாய். அறை நிச்சயம். கைக்குழந்தையோடு, உடம்பு முடியாதவரோடு வருகிறவர்கள், அன்று காலையே முகூர்த்தத்துக்குப் போக வேண்டியவர்கள் இந்தப் பணத்தை யோசிக்காமல் கொடுக்கலாம் என்பேன்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஜூலை 10 முதல் பதிவு செய்துவிட்டு, வருவது 11 விடியற்காலை என்று சொல்லாமல் விட்டால், 10-ஆம் தேதி முழுக்க ஓட்டல் உங்களுக்காகக் காத்திருக்கும். நள்ளிரவு தாண்டி அன்றைய கணக்கை முடிக்கும்போது, வராத விருந்தாளி என்று எழுதி, 'நோ ஷோ' போட்டுவிடுவார்கள். முதல் இரவுக்கான பணம் போகும். சில இடங்களில் மிச்ச இரண்டு இரவுகளும் சேர்ந்தே ரத்தாகி, நீங்கள் பெட்டியோடு வந்து நிற்கும்போது உங்கள் அறையில் வேறு ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் முந்தின இரவையும் சேர்த்துப் பதிவு செய்கிறவர்கள், 'பதிவு ஜூலை 10 முதல்; ஆனால் நாங்கள் வருவது ஜூலை 11 விடியற்காலை 5.30, அறையை விட்டுவிடாதீர்கள்' என்று எழுத்தில் சொல்லி, 'சரி' என்ற பதிலையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

'அமைதியான ரூம்' என்று மட்டும் சொன்னால் எல்லா ரூமும் அமைதியானதுதான் சார் என்ற பதில்தான் வரும். அதில் பொய் இல்லை, அவர் அங்கே தூங்குவதில்லை. எந்தச் சத்தம் வேண்டாம் என்று சொன்னால்தான் அவரால் அறை எண்ணை யோசிக்க முடியும்.

மதுரையில் முதல் கேள்வி கோபுரம். கோபுரம் தெரிகிற அறை என்று கூடுதல் வாடகைக்கு விற்கப்படும் அறைகளில் பல வீதியைப் பார்த்தவை. பெரியார் பேருந்து நிலையப் பக்கத்து வண்டிகளின் ஹாரன் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். கோபுர தரிசனமும் வேண்டும், தூக்கமும் வேண்டும் என்றால் நடக்காது. கோபுரத்தை மொட்டை மாடியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பகுதி ஓட்டல்கள் பலவற்றில் மொட்டை மாடியில் சாப்பாட்டுக் கடை உண்டு. அதனாலேயே கடைசி மாடி அறையும் வேண்டாம். ராத்திரி நாற்காலி இழுக்கிற சத்தம் உங்கள் தலைக்கு நேர் மேலே கேட்கும். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் மோட்டார் எல்லாமும் பெரும்பாலும் மேலேதான்.

சரி, வீதிப் பக்கம் வேண்டாம், பின்பக்கம் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஜெனரேட்டர், சமையலறைப் புகைபோக்கியின் மின்விசிறி, ஏ.சி.யின் வெளி யூனிட்டுகள் எல்லாம் பின்பக்கச் சந்தில்தான் இருக்கும். கரண்ட் போகாத வரை பின்பக்க அறை நல்ல அறை. 'ஜெனரேட்டர் எந்தப் பக்கம் இருக்கு?' என்ற கேள்வி ஒன்றைக் கேட்டால், இவர் விஷயம் தெரிந்தவர் என்று ரிசப்ஷனில் இருப்பவரும் நிமிர்ந்து உட்காருவார்.

உள்ளே வரும் சத்தம் வேறு வகை. லிஃப்ட்டின் மணி, படிக்கட்டில் பேசிக்கொண்டே ஏறுகிறவர்கள், ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் வாளியும் விரிப்புகளும் வைத்திருக்கும் அறை. கடைசியாகச் சொன்னது காலை ஆறு மணிக்கெல்லாம் திறந்து மூடத் தொடங்கும். இரண்டு அறைகளுக்கு நடுவே கதவு வைத்த அறைகளும் உண்டு. சேர்ந்து வருகிற பெரிய குடும்பங்களுக்கு வசதி, தனியாக வருகிறவருக்குத் தொல்லை. சுவர் தடுக்கிற டி.வி. சத்தத்தை அந்தக் கதவு தடுக்காது.

இவற்றோடு நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். ஜூலை 11, 12 ஆனி மாதக் கடைசி. ஆடி பிறந்தால் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பதால் ஆனியில் முகூர்த்த நாள் விழுந்தால் மண்டபங்கள் நிரம்பியிருக்கும். ஓட்டலிலேயே விழா ஹால் இருந்தாலோ எதிரே மண்டபம் இருந்தாலோ, முந்தின இரவு வரவேற்பில் பாட்டுக் கச்சேரி, விடிந்தால் நாதஸ்வரம். ஆடி பிறந்த பிறகு கல்யாணச் சத்தம் ஓயும், தெருமுனை அம்மன் கோயில்களின் ஒலிபெருக்கி தொடங்கும். மார்கழியிலும் விடியற்காலை அப்படித்தான். இதற்கெல்லாம் ஓட்டலைக் குறை சொல்லிப் பயனில்லை. 'அந்த ரெண்டு நாள்ல உங்க ஹால்ல ஃபங்ஷன் இருக்கா?' என்று கேட்டால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டு கோரிக்கையும் ஒன்றையொன்று இழுக்கும்

வழிகாட்டிகள் பொதுவாகச் சொல்லாத ஒன்றுண்டு. விடியற்காலையில் சும்மா இருக்கிற அறை பெரும்பாலும் முந்தின இரவு யாரும் கேட்டு வாங்காத அறை. லிஃப்ட்டுக்கு எதிரே இருப்பது, வீதி முக்கில் இருப்பது, ஹவுஸ்கீப்பிங் அறைக்கு ஒட்டினது. உள்பக்கத்து அமைதியான அறையில் ஆள் இருப்பார், அவர் பத்து மணிக்குத்தான் காலி செய்வார். சீக்கிரமும் வேண்டும், அமைதியும் வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்கிறவருக்கு ரிசப்ஷன் முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடும். கண்முன்னே பையோடு நிற்கிற ஆளுக்குச் சாவி கொடுப்பதுதான் அவர்களுக்கு அந்த நேரத்து அவசரம்.

அதனால் இரண்டில் எது முக்கியம் என்று வீட்டிலேயே முடிவு செய்து, அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு இரவு தங்குகிறவர்களுக்கு, அதுவும் பகலெல்லாம் வெளியே சுற்றப் போகிறவர்களுக்கு, சீக்கிரம் கிடைப்பதே பெரிது. இரண்டு இரவு தங்குகிற, லேசான தூக்கமுள்ள ஒருவரை அழைத்து வருகிற நம் குடும்பத்துக்கு அமைதிதான் முதலில். ஐந்து மணி நேரம் காத்திருப்பது ஒரு காலைப் பொழுதோடு போய்விடும், கெட்ட அறை இரண்டு ராத்திரியைக் கெடுக்கும்.

எழுதி அனுப்ப வேண்டியது

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாக, ஓட்டலின் வாட்ஸ்அப் எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ இதை அனுப்பலாம். பதிவு செய்யும் தளத்தில் 'சிறப்புக் கோரிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கும், அதிலும் எழுதுங்கள். ஆனால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். அந்தக் கட்டத்தில் எழுதுவது எதற்கும் உத்தரவாதமில்லை என்று தளமே சொல்லிவிடுகிறது.

*வணக்கம். உங்கள் ஓட்டலில் ஜூலை 11 சனிக்கிழமை முதல் ஜூலை 13 திங்கட்கிழமை வரை, 2 இரவுகளுக்கு, ஒரு ஏ.சி. டபுள் ரூமும் ஒரு எக்ஸ்ட்ரா பெட்டும் பதிவு செய்திருக்கிறோம். பதிவு எண்: ……… பதிவிலுள்ள பெயர்: ……… பெரியவர்கள் மூன்று பேர்.*

*ஜூலை 10 வெள்ளி இரவு சென்னையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் (12637) ஏறுகிறோம். ஜூலை 11 சனி விடியற்காலை 5.30 மணிக்கு ஓட்டலுக்கு வந்துவிடுவோம்.*

*இரண்டு உதவி வேண்டும். முதலாவது, சத்தமில்லாத அறை. வீதியைப் பார்க்காமல், லிஃப்ட்டையும் படிக்கட்டையும் ஒட்டாமல், கடைசி மாடியாக இல்லாமல் இருந்தால் போதும். கோபுரம் தெரிய வேண்டும் என்பதில்லை. எங்களோடு வரும் அம்மாவுக்கு 72 வயது. லேசான சத்தத்துக்கும் விழித்துக்கொள்வார். முழங்கால் வலி இருப்பதால் லிஃப்ட் உள்ள கட்டடமாகவும் வெஸ்டர்ன் டாய்லெட்டாகவும் இருக்க வேண்டும்.*

*இரண்டாவது, முடிந்தால் 5.30 மணிக்கே செக்-இன். அதற்குத் தனிக் கட்டணம் உண்டென்றால் எவ்வளவு என்று தெரிவியுங்கள். அறை தயாராக இல்லையென்றால், பைகளை வைத்துவிட்டுக் குளித்துக் கிளம்ப வசதி கிடைக்குமா?*

*இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் சத்தமில்லாத அறையே வேண்டும். அதற்காகக் காத்திருக்கிறோம். திங்கள் காலை 6 மணிக்கு அறையைக் காலி செய்துவிடுவோம். இதற்குப் பதில் எழுதினால் உதவியாக இருக்கும். நன்றி.*

இதில் சில இடங்களை நிறுத்திப் பார்க்க வேண்டும். தேதியோடு கிழமையும் இருக்கிறது. '10-ஆம் தேதி ராத்திரி வண்டி, காலைல வந்துருவோம்' என்று சொன்னால் கேட்பவர் 10 காலை என்றும் எழுதலாம், 11 காலை என்றும் எழுதலாம். கிழமையும் இருந்தால் இரண்டில் ஒன்று மற்றதைத் திருத்திவிடும். 'விடியற்காலை' என்ற சொல்லும் அவசியம். வெறும் 5.30 என்று எழுதினால் மாலை 5.30 என்று பதிவாகிவிட வாய்ப்புண்டு. நேரம் என்பது ஓட்டல் வாசலுக்கு வரும் நேரம். ரயில் வந்து சேரும் நேரத்தைக் கால அட்டவணையில் பார்த்து, அதோடு அரை மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள். வண்டி எண் எழுதியிருப்பதால், ரயில் தாமதமானால் அவர்களே பார்த்துக்கொள்ள முடியும்.

வயது, முழங்கால் வலி எல்லாம் இரக்கம் தேடுவதற்காக எழுதியது அல்ல, அறையைத் தேர்ந்தெடுக்க உதவுகிற தகவல். 'ஹார்ட் பேஷண்ட்' என்று இல்லாததைச் சொல்கிறவர்களை ரிசப்ஷனில் தினமும் பார்க்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு இப்போது எடை போய்விட்டது. கட்டணம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறோமே தவிர, அரை நாள் வாடகை தருகிறோம் என்று நாமே தொகை சொல்லவில்லை. சும்மா கொடுக்க நினைத்திருந்தவரும் அதைக் கேட்டால் வாங்கிக்கொள்வார். திங்கள் காலை 6 மணிக்கே காலி செய்கிறோம் என்ற வரி அவர்களுக்குச் சாதகமானது: அன்று பகலில் வருகிறவருக்கு அறையைச் சீக்கிரம் தயார் செய்யலாம்.

வெள்ளி மாலை ஒரு போன்

ஒரு வாரம் முன்பு கேட்டதற்கு 'முயற்சி செய்கிறோம்' என்றுதான் பதில் வரும். வெள்ளி இரவு எப்படி விற்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. தெரிகிற நேரம் வெள்ளி மாலை. எழும்பூருக்குக் கிளம்புவதற்கு முன், ஏழு மணி வாக்கில் கூப்பிட்டால் பேச்சு இப்படிப் போகும்.

"சார் வணக்கம். நாளைக்கு, பதினொண்ணாம் தேதி சனிக்கிழமை, விடிகாலை அஞ்சரைக்கு வர்றோம். ரெண்டு நாள் புக்கிங். வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டிருந்தோம்."

"ஆமா சார், பாத்தேன். மூணு பேருதான?"

"ஆமா சார். இன்னைக்கு ராத்திரி ரூம் ஃபுல்லா?"

"இப்பதைக்கு நாலு ரூம் இருக்கு சார். வாக்-இன் வந்தா போயிரும். முன்னூத்திரெண்ட உங்களுக்கு பிளாக் பண்ணிரவா? அரை நாள் சார்ஜ் ஆகும்."

"முன்னூத்திரெண்டு எந்தப் பக்கம் சார்?"

"லிஃப்ட்டுக்கு எதுத்தாப்ல சார்."

"அது அம்மாவுக்கு ஆகாதே. உள்பக்கமா எதுவும் இருக்கா?"

"முன்னூத்தி ஒம்போது இருக்கு, நல்ல ரூமு. ஆனா கெஸ்ட் இருக்காங்க சார். காலைல ஒம்போது, ஒம்போதரைக்குத்தான் காலி பண்ணுவாங்க."

"அப்ப அதையே எங்களுக்கு எழுதி வச்சிருங்க சார். காலைல வந்து பைய வச்சுட்டு, குளிச்சுட்டு கோயிலுக்குப் போயிர்றோம். பத்தரைக்குத் திரும்பி வர்றப்ப ரூம் ரெடியா இருந்தா போதும்."

"பண்ணிரலாம் சார். குளிக்கிறதுக்கு கீழ ஒரு பாத்ரூம் இருக்கு, ஹீட்டர் போட்டு வைக்கச் சொல்றேன்."

"ரொம்ப நன்றி சார். நைட் டூட்டிக்கு வர்றவர்ட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்க."

அரை நாள் வாடகை 1,500 மிச்சமானது, அமைதியான அறையும் உறுதியானது. கடைசி வரியைக் கவனியுங்கள். மாலையில் போனை எடுத்தவர் விடியற்காலையில் இருக்கமாட்டார். அவர் பதிவேட்டில் எழுதி வைக்காவிட்டால், நைட் டூட்டிக்காரருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. பேசியவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் '309, காலை 10.30' என்று ஒரு வரி போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

அம்மாவால் அவ்வளவு நேரம் தாங்க முடியாது என்றால் கணக்கு மாறும். 302-ஐ அரை நாள் வாடகைக்கு எடுத்துப் படுக்க வைத்துவிட்டு, பகலில் 309-க்கு மாறிக்கொள்ளலாமா என்று அதே போனில் கேட்கலாம். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அதுவும் இல்லையென்றால் ரயில்வே ஓய்வறை இருக்கிறது. டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்யலாம். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குளிக்கவும் இரண்டு மணி நேரம் கால் நீட்டவும் போதும்.

கோயிலுக்குப் போகும்போது செல்போனைப் பைகளோடு ஓட்டலிலேயே பாதுகாப்பாக வைத்துவிட்டுப் போகலாம். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் அனுமதி கிடையாது.

சாவி வாங்கும்போது

விடியற்காலை ரிசப்ஷனில் ஒரே ஆள்தான் இருப்பார், சில நாள் தூக்கக் கலக்கத்தில். மூன்று பேரின் அடையாள அட்டையையும் பெட்டியின் அடியில் வைக்காமல் கையில் வைத்திருங்கள். பதிவு எண்ணையும் வெள்ளி மாலைச் செய்தியையும் போனில் திறந்து காட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும். கூடுதல் கட்டணம் பேசியிருந்தால் அதை அங்கேயே ரசீதில் எழுதச் சொல்லுங்கள். திங்கள் காலை 6 மணிக்கு ரயிலுக்கு ஓடும்போது அதைப் பற்றிப் பேச நேரம் இருக்காது.

பத்தரைக்கு 309 சாவி கைக்கு வந்ததும், ரூம் பாய் பைகளை உள்ளே வைத்துவிட்டுப் போவதற்கு முன் அவரை ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். அவர் போட்டுவிட்ட ஏ.சி.யையும் டி.வி.யையும் ஃபேனையும் அணைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்தி, கதவையும் சாத்தி, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். அப்புறம் ஏ.சி.யை மட்டும் போட்டுக் கேளுங்கள். பழைய ஜன்னல் ஏ.சி. என்றால் வெளிச்சத்தத்தைவிட அதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். ஜன்னலின் அலுமினியச் சட்டத்தில் இடைவெளி இருக்கிறதா, பக்கத்து அறைக்குக் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். சரியில்லை என்றால் உடனே, அந்த ரூம் பாய் இருக்கும்போதே ரிசப்ஷனுக்குப் போன் செய்து மாற்றிக் கேளுங்கள். விரிப்பு கலையாத, குளியலறை நனையாத அறையை அவர்கள் அப்படியே அடுத்தவருக்குக் கொடுக்கலாம், அதனால் மாற்றித் தரத் தயங்கமாட்டார்கள். படுத்து எழுந்த பிறகு கேட்டால், அந்த அறையை மறுபடி சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், அநேகமாக 'வேற ரூம் இல்ல சார்' என்ற பதில்தான் கிடைக்கும்.